பிறந்த குழந்தையின் படத்தில் சிவப்புத் திட்டு: தோலைத் தேய்க்காமல் சரிசெய்வது எப்படி

பத்து நாள்கூட ஆகாத குழந்தையைப் படம் எடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நேரில் பார்க்கும்போது கண்ணுக்கே படாத சிவப்பு, கணினியில் திறந்ததும் திட்டுத் திட்டாக வந்து நிற்கும். மூக்கு நுனி ஒரு சிவப்பு, கன்னம் வேறு சிவப்பு, நெற்றி லேசான மஞ்சள், கையும் காலும் ஊதா. ஒரே குழந்தைதானா என்று சந்தேகமே வந்துவிடும். அம்மாவின் முகத்துக்குச் செய்கிற மாதிரி இதற்கும் தோலை வழவழப்பாக்கும் வேலையைச் செய்தால் சிவப்பு போகாது, குழந்தைதான் போய்விடும், கொலு பொம்மை மாதிரி ஒரு முகம் மிஞ்சும். நான் தண்டையார்பேட்டையில் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். காசிமேடு, ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் தீட்டுக் கழித்துப் பேர் வைக்கிற விசேஷங்களுக்கும், வீட்டுக்கே போய் எடுக்கிற குழந்தைப் படங்களுக்கும் போவேன். இந்தச் சிவப்பை நான் எப்படிக் கையாள்கிறேன் என்று ஒரே ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சிவப்பு என்ன என்று தெரிய வேண்டும். பச்சைக் குழந்தையின் தோல் ரொம்ப மெல்லியது, உள்ளே ஓடுகிற ரத்தம் அப்படியே தெரியும். போதாததற்கு பிறந்த புதிதில் ரத்தத்தில் சிவப்பணுக்கள் அதிகம், ரத்தக் குழாய்கள் சுருங்கி விரிவதும் இன்னும் ஒழுங்குக்கு வந்திருக்காது. அதனால் அழுதால் சிவக்கும், போர்வை சூட்டில் சிவக்கும், ஒரு பக்கம் படுத்திருந்தால் அந்தப் பக்கம் சிவக்கும். சில குழந்தைகளுக்கு முதல் சில நாட்களில் சின்னச் சின்னச் சிவப்புத் தடிப்பு வரும், நடுவில் வெளுத்த புள்ளி இருக்கும், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும். இமை மேலும் நெற்றி நடுவிலும் பிடரியிலும் வெளிர் சிவப்பாக ஒரு மச்சம் மாதிரி இருந்தால் அது வேறு, அது மாதக்கணக்கில் இருக்கும். பிடரியில் இருப்பது வளர்ந்த பிறகும் நிற்கலாம். நாளைக்கே போகப்போகிற சிவப்பை நான் கேட்காமல் சரிசெய்துவிடுவேன். மச்சம், இடுப்புக்குக் கீழே நீலம் பாரித்த மாதிரி இருக்கிற திட்டு (நம் ஊர்க் குழந்தைகள் நிறைய பேருக்கு உண்டு, அடிபட்டதில்லை), இதையெல்லாம் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தொட மாட்டேன். இது அந்தக் குழந்தையின் அடையாளம், நமக்கு அதை அழிக்க உரிமை இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முகம், கண் வெள்ளை எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தால் படத்தைப் பற்றி யோசிக்காதீர்கள், “டாக்டர்கிட்ட காட்டியாச்சா அக்கா?” என்று கேட்டுவிடுங்கள். திருத்திய படத்தை வைத்து யாரும் குழந்தையின் நிறத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது என்பதால் திருத்தாத படத்தையும் நான் தனியாக வைத்திருப்பேன்.

சரி, அந்தப் படத்துக்கு வருவோம். காசிமேட்டில் ஒரு வீடு, ஒன்பது நாள் பெண் குழந்தை. சின்ன அறை, ஒரே ஜன்னல், சுவர் முழுக்கப் பச்சை டிஸ்டெம்பர். ஜன்னலோரமாகக் கட்டிலில் ஆயாவின் பழைய வெள்ளைப் புடவையை நாலாக மடித்து விரித்து, பால் குடித்துத் தூங்கிய குழந்தையைப் படுக்க வைத்து எடுத்தேன். குழந்தையின் வலது கன்னம் அம்மாவின் தோளில் அழுந்திக் கிடந்ததால் நல்ல சிவப்பு. மூக்கும் முகவாயும் சிவப்பு. இடது கன்னம் சுவர்ப் பக்கம். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, கால் கட்டை விரலில் மை. கேமராவின் திரையில் எட்டிப் பார்த்த ஆயா, “இன்னா தம்பி, புள்ள இம்மாஞ் செவப்பா கீது? நேர்ல இப்டி இல்லியே” என்றார். அவர் சொன்னது சரிதான், நேரில் அப்படி இல்லை.

ஏன் என்று கணினியில் பார்த்தபோது தெரிந்தது. இடது கன்னத்தில் விழுந்தது ஜன்னல் வெளிச்சம் மட்டுமில்லை, பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சமும் சேர்ந்து விழுந்திருக்கிறது. ஒரு கன்னம் பச்சையோடிப் போனதால் பக்கத்தில் இருக்கிற சிவப்பு இரண்டு மடங்காகத் தெரிகிறது. இதைக் கவனிக்காமல் நேரே சிவப்பைக் குறைக்கப் போனால் முகம் முழுக்கச் சோகை பிடித்த மாதிரி ஆகிவிடும். அதனால் எப்போதும் வெளிச்சத்தின் நிறம் முதலில், தோலின் நிறம் அப்புறம். Camera Raw-வில் வெள்ளைப் புடவையின் நிழலில்லாத மடிப்பைத் தொட்டு White Balance எடுத்தேன். அப்புறம் இடது கன்னத்துக்கு மட்டும் ஒரு மாஸ்க் போட்டு Tint-ஐ மஜெந்தா பக்கம் கொஞ்சம் தள்ளினேன். அவ்வளவுதான், திட்டில் பாதி போய்விட்டது. ரோஸ் போர்வை, சிவப்பு வெல்வெட் துணி இதிலெல்லாம் வைத்து எடுத்தால் இதே சங்கடம் தலைகீழாக வரும், தாடைக்குக் கீழே துணியின் சிவப்பு ஏறியிருக்கும், அதைத் தோலின் சிவப்பு என்று நினைத்துக்கொண்டு நேரத்தைத் தொலைப்போம். அதே இடத்தில் Texture, Clarity இரண்டையும் மைனஸில் இழுக்கச் சொல்லிப் பலர் சொல்வார்கள். நான் இரண்டையும் சைபரிலேயே விட்டுவிடுவேன்.

காரணம் இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் படத்தைத் திறந்து Ctrl+3 அழுத்திப் பாருங்கள், சிவப்புச் சேனல் மட்டும் கருப்பு வெள்ளையில் தெரியும். தோல் வெளுப்பாக, ஒரே சீராக இருக்கும், திட்டே இருக்காது. Ctrl+4, Ctrl+5 என்று பச்சை, நீலச் சேனல்களைப் பார்த்தால் அதே கன்னம் கறை படிந்தது மாதிரி இருக்கும். (Ctrl+2 அழுத்தினால் பழையபடி கலர் படம்.) ஆக, திட்டு என்பது தோலின் மேடு பள்ளம் இல்லை, நிறம், அதோடு கொஞ்சம் இருட்டு. குழந்தையின் மென்மை எங்கே இருக்கிறது என்றால் அந்தப் பூனை முடியில், உரிகிற தோலின் மெல்லிய விளிம்பில், கன்னத்தில் வெளிச்சம் மெதுவாகச் சரிந்து நிழலாகிற இடத்தில் இருக்கிறது. இவையெல்லாம் வெளிச்சம் இருட்டால் ஆனவை. நிறத்தை மட்டும் மாற்றினால் இவை எதுவும் அசையாது. மங்கலாக்குகிற எந்த வேலையும் முதலில் இவற்றைத்தான் தின்னும்.

நான் போடுகிற முதல் லேயர் Hue/Saturation. அதில் Master-ஐ விட்டு Reds-க்குப் போய், பட்டியலுக்குப் பக்கத்தில் இருக்கிற சொட்டுக் குழாயால் இருப்பதிலேயே மோசமான திட்டைத் தொடுவேன், இந்தப் படத்தில் அது மூக்கின் வலது ஓரம். கீழே இரண்டு வண்ணப் பட்டைகளுக்கு நடுவில் சின்னச் சின்னப் பிடிகள் இருக்கும், எந்தச் சிவப்பிலிருந்து எந்தச் சிவப்பு வரை மாறும் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. அது கண்ணுக்குத் தெரிய Hue-வை ஒரேயடியாகக் கோடிக்கு இழுத்துவிடுவேன். பிடிக்கப்பட்ட இடமெல்லாம் பச்சையோ நீலமோ ஆகிவிடும். அப்படி இழுத்தபோது முதலில் குழந்தையின் முகம் முழுக்க நிறம் மாறியது. பிடிகளை நெருக்கிக்கொண்டே வந்ததும் நெற்றி விடுபட்டது, இடது கன்னம் விடுபட்டது, கடைசியில் மூக்கு, முகவாய், வலது கன்னம், உதடு, காது இவை மட்டும் நின்றன. வெளிப் பிடிகளை ரொம்ப ஒட்டி வைக்காதீர்கள், வைத்தால் திட்டின் ஓரத்தில் வெட்டினாற்போல் ஒரு கோடு விழும்.

அப்புறம் Hue-வைச் சைபருக்குக் கொண்டுவந்து, மெதுவாக ப்ளஸ் பக்கம். சிவப்பிலிருந்து மஞ்சளை நோக்கிப் போகும். இந்தக் குழந்தைக்கு +8 போதுமானதாக இருந்தது, Saturation -12. பலபேர் Hue-வைத் தொடாமல் Saturation-ஐ மட்டும் -40, -50 என்று இறக்குவார்கள். சிவப்பு போகும், ஆனால் அந்த இடம் சாம்பல் பூத்துப்போய் உயிரில்லாமல் தெரியும். நம் ஊர்த் தோலில் இது இன்னும் சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் சுற்றியிருக்கிற தோலில் மஞ்சளும் பழுப்பும் கலந்திருக்கிறது. நிறத்தை எடுப்பதைவிட, பக்கத்துத் தோலின் நிறத்துக்கு நகர்த்துவதுதான் வேலை. அதே பேனலில் இருக்கிற Lightness பக்கம் போகவே வேண்டாம், பால் ஊற்றிய மாதிரி வெளுத்துவிடும்.

இப்போது மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து Ctrl+I. மாஸ்க் கருப்பாகி, செய்த மாற்றம் மறைந்துவிடும். வெள்ளை பிரஷ், Hardness 0, Flow 8 அளவில் வைத்து, திட்டு இருக்கிற இடத்தில் மட்டும் தடவித் தடவிக் கொண்டுவருவேன். உதடு, மூக்குத் துவாரம், காது மடலின் ஓரம், இமையின் விளிம்பு, விரல் நுனி, இவற்றைத் தொடவே மாட்டேன். குழந்தை சூடாக, உயிரோடு இருக்கிறது என்று நம் கண் நம்புவதே இந்த இடங்களில் சிவப்பு இருப்பதால்தான். கன்னத்தில்கூட முழுக்க எடுக்காமல் கொஞ்சம் ரோஸ் மிச்சம் வைப்பேன். எனக்கு வேண்டியது வலது கன்னமும் இடது கன்னமும் ஒரே குழந்தையுடையதாகத் தெரிவது, அதற்கு மேல் வேண்டாம்.

பிரஷ் வேலை முடிந்ததும் ஒரு விஷயம் கண்ணில் படும், எல்லாருக்கும் படும். சிவப்பு போன இடத்தில் லேசாக அழுக்கு நிழல் மாதிரி நிற்கும். திட்டு கொஞ்சம் இருட்டாகவும் இருந்தது இல்லையா, நிறத்தைத்தான் எடுத்தோம், அந்த இருட்டு அப்படியே இருக்கிறது. இந்தக் கட்டத்தில்தான் பொறுமை இழந்து பலர் Blur பக்கம் போவது. அதற்குப் பதில் ஒரு Curves லேயர் போட்டு, Blend mode-ஐ Luminosity ஆக்கி, கோட்டின் நடுவைத் துளியளவு மேலே தூக்குங்கள். Alt-ஐ அழுத்திக்கொண்டு முதல் லேயரின் மாஸ்க்கை இழுத்து இதன் மேல் போட்டால் அதே மாஸ்க் இதற்கும் வந்துவிடும். மூக்கோரம் இருந்த கறுப்பு இதிலேயே எழுந்துவிட்டது. தூக்குகிற அளவு கண் பார்த்துத்தான், திட்டு சுற்றுத் தோலோடு கலந்த உடனே நிறுத்திவிட வேண்டும், ஒரு சொட்டு கூடினால் வெள்ளைத் தேமல் மாதிரி ஆகிவிடும்.

வலது கன்னத்தில் மட்டும் இன்னும் ஊதா கலந்த சிவப்பு மிச்சம் இருந்தது. அதற்கு ஒரு காலி லேயர், Blend mode Color. Alt-ஐ அழுத்திப் பக்கத்து நல்ல தோலிலிருந்து நிறம் எடுத்து, Opacity 10-க்குப் பிரஷை வைத்து இரண்டு மூன்று தடவை தடவினால் போதும். நிறம் எடுக்கும்போது Sample Size ‘Point Sample’ என்று இருந்தால் ஏதோ ஒரு புள்ளியின் நிறம் வந்து மாட்டும், அதனால் ‘31 by 31 Average’ வைத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் எடுத்த நிறத்தைக் கன்னத்தில் பூசக் கூடாது, நெற்றி எப்போதும் கொஞ்சம் மஞ்சள்தான். கன்னத்துக்குக் கன்னம், மூக்குக்கு மூக்கை ஒட்டிய இடம். கை கால்களின் ஊதாவுக்கும் இதே வழிதான், ஆனால் முகம் அளவுக்குச் சரிசெய்ய வேண்டியதில்லை, உள்ளங்காலின் சிவப்பெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

Healing Brush-ஐ நான் எடுப்பது கடைசியில், அதுவும் காய்ந்து ஒட்டிய பால், நகம் பட்ட கீறல், தனியாகத் தொங்குகிற பெரிய தோல் செதில், இவற்றுக்கு மட்டும். மூக்கின் மேல் கடுகைவிடச் சின்னதாக வெள்ளைப் பொரி இருக்கும், அதை விட்டுவிடுவேன். திருஷ்டிப் பொட்டையும்தான். தானாகப் புள்ளி நீக்குகிற ஆப்களில் போட்டால் முதலில் காணாமல் போவது அந்தப் பொட்டுதான், அப்புறம் ஆயாவுக்கு யார் பதில் சொல்வது? பொட்டின் ஓரத்தில் மை தீற்றியிருந்தால் அதைக்கூட நான் துடைப்பதில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய அன்றைக்கு எடுத்த படமென்றால் நெற்றியில் பளபளவென்று எண்ணெய் மினுங்கும், அது சிவப்புப் பிரச்சினை இல்லை, அதைக் குறைக்க வேறு வேலை. முடிந்தால் எண்ணெய்க் குளியல் அன்றைக்குப் படம் வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது.

எல்லாம் முடிந்தது என்று தோன்றியதும் நான் செய்கிற சோதனை ஒன்று இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Black & White லேயர் போட்டு அதில் Reds-ஐக் கீழே இழுப்பேன். சிவப்பு எங்கெல்லாம் மிச்சம் இருக்கிறதோ அங்கெல்லாம் கறுப்பாகக் காட்டும். இந்தப் படத்தில் முகவாய்க்குக் கீழே கழுத்து மடிப்பில் ஒரு பட்டை நின்றது, வெறும் கண்ணுக்கு அது தெரியவில்லை. மடிப்பில் பாதியைத்தான் குறைத்தேன், கழுத்து மடிப்பு சிவக்காத பச்சைக் குழந்தை உண்டா? பார்த்து முடித்ததும் அந்த லேயரை அழித்துவிட வேண்டும். அப்புறம் படத்தை நூறு சதவிகிதத்தில் வைத்து, தொட்ட இடத்தையும் தொடாத இடத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். கேமராவின் பொடி நாய்ஸ் இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் தோல் தப்பித்தது. தொட்ட இடம் மட்டும் நாய்ஸ் இல்லாமல் துடைத்துவிட்ட மாதிரி இருந்தால் எங்கோ மங்கலாக்கியிருக்கிறோம் என்று அர்த்தம்.

இதெல்லாம் நடக்காத படங்களும் உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் நிற விவரத்தை ஏற்கெனவே நசுக்கியிருப்பார்கள், Hue-வை நகர்த்தினால் கன்னத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும், அதில் Color லேயரை மட்டும் லேசாகப் போட்டு விட்டுவிடுவது மேல். வெளிச்சம் அதிகமாகி சிவப்புச் சேனல் 255-ல் போய் முட்டி நிற்கிற படத்திலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. குழந்தை வீறிட்டு அழுது முகமே கருஞ்சிவப்பான படத்தைத் தூக்கிவிட்டு, பால் குடித்துத் தூங்கி, அழுத்தின தடமெல்லாம் மறைகிற வரைக்கும் காத்திருந்து எடுத்த படத்தை எடுங்கள். கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது கணினி முன்னால் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். கையுறையின் ரப்பர் தடம், குல்லாவின் விளிம்புத் தடம் எல்லாம் இதில் சேர்த்தி.

படத்தைக் காட்டியதும் ஆயாவுக்குச் சிவப்பு போனதில் திருப்தி. உடனே அடுத்தது வந்தது: “அப்டியே கொஞ்சம் கலரா போட்டுக் குடுத்துரு தம்பி.” இது எங்கள் தொழிலில் எல்லா வீட்டிலும் வருகிற கோரிக்கை. நான் செய்வதில்லை. பிறந்த குழந்தையின் நிறம் நிலையாக வந்து சேர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும், பிறந்தபோது வெளிறியோ சிவந்தோ இருப்பது அப்புறம் தன் குடும்ப நிறத்துக்கு வரும். காது ஓரத்தையும் நகக்கண்ணையும் பார்த்தே அது கொஞ்சம் தெரியும் என்று பெரியவர்களே சொல்வார்கள். சிவப்பைச் சமன் செய்தால் அடுத்த மாதம் அவர்கள் கையில் இருக்கப்போகிற குழந்தைக்குப் பக்கத்தில் போகிறோம், வெளுப்பாக்கினால் விலகிப் போகிறோம். இதையெல்லாம் ஆயாவிடம் விளக்கவில்லை, “செவப்ப மட்டுந்தான் ஆயா எடுப்பேன், கலர்ல கை வெக்க மாட்டேன்” என்றேன். குழந்தையின் அம்மா சிரித்துவிட்டு, “அவ என் கலருதான் ஆயா, உட்டுரு” என்று முடித்துவைத்தாள்.

பிரிண்டுக்குப் போகும் முன் மூன்று லேயரையும் ஒரு Group-க்குள் போட்டு, அந்த Group-இன் Opacity-ஐ 75 அளவுக்கு இறக்கிவிடுவேன். ரொம்ப நேரம் ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் பழகிப்போய்ப் போதாது போதாது என்று கையை ஓட்டிக்கொண்டே போகும், அதற்கு இந்த இறக்கம் ஒரு கடிவாளம். புது போன்களின் திரையில் சிவப்பு தூக்கலாகத் தெரியும், அதனால் போனில் பார்த்துவிட்டு மறுபடி திருத்த உட்காராதீர்கள். sRGB-யில் சேமித்து, லேபில் ஒரே ஒரு 4x6 டெஸ்ட் பிரிண்ட் போடச் சொல்லி, அதைக் கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் பார்ப்பேன். டியூப் லைட்டில் பார்க்கக் கூடாது. பிரிண்டில் கன்னம் இன்னும் சிவப்பாக நின்றால் மாஸ்க்கைத் தொடாமல் Group Opacity-ஐ மட்டும் பத்து ஏற்றி அனுப்புவேன். இந்தக் குழந்தைக்கு 85-ல் சரியாக வந்தது, 12x18 ஃபிரேமுக்கு அதையே போட்டுக் கொடுத்தேன்.